முழு கேப்சர் கட்டுப்படியாகாத இடத்தில் ஃப்ளோ பதிவை வைத்துத் தரவுத் திருட்டைக் கண்டுபிடிப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டிஸ்க் மலிவாகத்தானே இருக்கிறது? எல்லா பாக்கெட்டையும் பிடித்து வைத்துக்கொண்டால் என்ன?

கணக்குப் போட்டுப் பாருங்கள். சராசரியாக 300 எம்பிபிஎஸ் ஓடும் ஒரு இணைப்பு நொடிக்கு 37.5 எம்பி. ஒரு நாளைக்கு 3.24 டிபி. முப்பது நாளைக்கு 97 டிபி. இத்தனையையும் விடாமல் எழுதுகிற வேகத்தில் டிஸ்க் வேண்டும், அதில் தேடுவதற்கு இன்னொரு சர்வர் வேண்டும். அப்புறம் திறந்து பார்த்தால் பெரும்பகுதி குறியாக்கம் செய்யப்பட்ட பைட்டுகள். சாவி கையில் இல்லாமல் அதைப் படிக்க முடியாது.

அதே இணைப்பில் நொடிக்கு 1,000 ஃப்ளோ உருவாகிறது என்று வைத்துக்கொள்வோம். ஃப்ளோ என்றால் ஒரு கணினி இன்னொன்றுக்கு ஒரே இணைப்பில் அனுப்பும் பாக்கெட்டுகளின் தொகுப்பு. நெட்ஃப்ளோ 5 வடிவத்தில் ஒரு பதிவு 48 பைட். ஒரு நாளைக்கு சுமார் 4.1 ஜிபி, 180 நாளைக்கு 750 ஜிபிக்குள், அதுவும் சுருக்காமலே. ஒரே டிஸ்கில் அடங்கிவிடும்.

இதில் விலையைவிட நாள் கணக்குதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. 2017இல் அமெரிக்கக் கடன்தகவல் நிறுவனமான ஈக்விஃபாக்ஸுக்குள் திருடர்கள் 76 நாள் யார் கண்ணிலும் படாமல் இருந்தார்கள். முப்பது நாள் கேப்சர் வைத்திருந்தாலும் முதல் ஒன்றரை மாதம் அழிந்துபோயிருக்கும்.

சரி, ஒரு ஃப்ளோ பதிவில் என்னதான் இருக்கும்?

எடைமேடைச் சீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். வண்டி எண், நேரம், எடை இருக்கும். தார்பாய்க்கு அடியில் நெல்லா மணலா என்று சீட்டில் இருக்காது. ஃப்ளோ பதிவும் அப்படித்தான். அனுப்பியவர் ஐபி, பெறுபவர் ஐபி, இரண்டு போர்ட், டிசிபியா யுடிபியா, தொடங்கிய நேரம், முடிந்த நேரம், எத்தனை பாக்கெட், எத்தனை பைட். டிசிபி என்றால் கொடிகளும் இருக்கும்.

முக்கியமான ஒன்று: பெரும்பாலான கருவிகளில் ஒரு பதிவு ஒரு திசைக்கு மட்டும். நீங்கள் ஒரு இணையதளத்தைத் திறந்தால் போனதற்கு ஒன்று, வந்ததற்கு ஒன்று என்று இரண்டு பதிவு விழும். திருட்டைத் தேடுகிறவருக்கு இது வசதி. எந்தப் பக்கம் எவ்வளவு கனம் என்பது தனித்தனியாகக் கிடைத்துவிடுகிறது.

நெட்ஃப்ளோ 5இல் ஐபி 6 முகவரிகளுக்கு இடமே கிடையாது. புதிதாக அமைப்பதாக இருந்தால் நெட்ஃப்ளோ 9 அல்லது ஐபிஃபிக்ஸ் எடுங்கள். இல்லாவிட்டால் ஐபி 6 வழியாகப் போவது உங்கள் பதிவில் வரவே வராது.

ஃபயர்வாலில் எடுத்தால் போதுமா, உள்ளே சுவிட்சிலும் எடுக்க வேண்டுமா?

ஒரே இடத்தில்தான் முடியும் என்றால் உள்ளே இருக்கும் கோர் சுவிட்சில் எடுங்கள். இதற்கு இரண்டு காரணம் உண்டு.

ஃபயர்வாலின் வெளிப்பக்க இடைமுகத்தில் எடுத்தால் நாட், அதாவது உள்முகவரியைப் பொது முகவரியாக மாற்றும் வேலை, நடந்து முடிந்திருக்கும். அலுவலகமே ஒரே பொது முகவரியாகத் தெரியும். 20 ஜிபி வெளியே போனது தெரியும், எந்தக் கணினியிலிருந்து என்பது தெரியாது.

இரண்டாவது காரணம் இன்னும் பெரியது. திருடுகிறவர் பொதுவாக ஃபைல் சர்வரிலிருந்து நேராக வெளியே அனுப்புவதில்லை. பல சர்வர்களுக்கு இணையமே திறந்திருக்காது. முதலில் உள்ளேயே ஒரு கணினிக்கு எல்லாவற்றையும் இழுத்துச் சேர்த்து, சுருக்கி, அங்கிருந்து அனுப்புவார். அந்தச் சேர்க்கும் வேலை ஃபயர்வாலைத் தொடாது. கோர் சுவிட்சில்தான் தெரியும்.

செட்டிங்கில் எதை மாற்றாவிட்டால் பின்னால் வருத்தப்படுவோம்?

ஆக்டிவ் டைம்அவுட். நீண்ட நேரம் ஓடும் இணைப்பை ரவுட்டர் எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை பதிவாக வெளியே தள்ளும் என்பது இது. சிஸ்கோ கருவிகளில் வழக்கமான இயல்புநிலை 30 நிமிடம். அப்படியே விட்டால் நான்கு மணி நேர அப்லோட் வெறும் எட்டு வரியாக வரும். வேகம் ஏறியதா, சீராக ஓடியதா என்பது தெரியாது. எச்சரிக்கையும் அரை மணி நேரம் தாமதமாகும். ஒரு நிமிடமாகக் குறைத்துவிடுங்கள்:

```
flow monitor MON-1
 cache timeout active 60
 cache timeout inactive 15
```

பதிவுகளின் எண்ணிக்கை கொஞ்சம் கூடும். ஆனால் பெரும்பாலான ஃப்ளோக்கள் எப்படியும் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடுபவை என்பதால் பயப்படும் அளவுக்குக் கூடாது.

இன்னொன்று, பதிவு யுடிபியில்தான் பெரும்பாலும் வருகிறது. வழியில் தொலைந்தால் யாரும் திரும்ப அனுப்பமாட்டார்கள். தொலைந்ததா என்று பார்க்க வழி உண்டு: ஒவ்வொரு ஏற்றுமதிப் பாக்கெட்டிலும் வரிசை எண் இருக்கிறது. ஃப்ளோ பதிவுகளைப் படிக்கும் கருவி `nfdump`. அதில் `nfdump -I -r` என்று ஒரு கோப்பைக் கேட்டால் `Sequence failures` என்ற வரி வரும். அது பூஜ்யமாக இல்லாத நாளில் "எதுவும் போகவில்லை" என்று யாருக்கும் உறுதி கொடுக்காதீர்கள்.

எங்கள் ரவுட்டரில் 1,000க்கு 1 என்று சாம்பிளிங்தான் முடியும். அது உதவாதா?

பெரிய திருட்டுக்கு உதவும். உதாரணத்துக்கு, 7.6 ஜிபி என்பது சுமார் 51 லட்சம் பாக்கெட். ஆயிரத்தில் ஒன்று எடுத்தாலும் 5,100 பாக்கெட் மாட்டும், மொத்த அளவை ஓரிரு சதவீதத்துக்குள் மதிப்பிட்டுவிடலாம். ஆனால் நாற்பது பாக்கெட்டில் முடிந்துவிடும் ஒரு சின்ன இணைப்பு மாட்டுவதற்கு நூற்றுக்கு நான்கு வாய்ப்புதான். அதனால் திருடர் எப்படி உள்ளே வந்தார், யாரோடு பேசினார் என்ற பின்கதையை சாம்பிளிங் பதிவிலிருந்து எடுக்க முடியாது. முடிந்தால் கோர் சுவிட்சின் ஒரு மிரர் போர்ட்டில் சாதாரண லினக்ஸ் கணினி ஒன்றை வைத்து `softflowd` ஓட்டுங்கள். பாக்கெட்டைச் சேமிக்காது, எண்ணிவிட்டு விட்டுவிடும்.

எத்தனை ஜிபி தாண்டினால் அலாரம் வைக்கலாம்?

இந்தக் கேள்விதான் அதிகம் வருகிறது. எண்ணைச் சொன்னால் தப்பாகிவிடும். ஐந்து ஜிபி என்று வைத்தால் பேக்கப் சர்வர் தினமும் கத்தும், வீடியோ எடிட் செய்பவர் தினமும் கத்துவார். ஒரு மாதத்தில் யாரும் அந்த அலாரத்தைத் திறந்துகூடப் பார்க்கமாட்டார்கள். திருடர் நான்கு ஜிபியோடு போய்விடுவார்.

நான் பார்ப்பது அளவை அல்ல, ஒரு கணினியின் குணம் மாறுவதை. ஒவ்வொரு கணினிக்கும் ஒரு போக்கு உண்டு. ஊழியர் கணினி பெரும்பாலும் வாங்கும், கொடுப்பது குறைவு. வெப் சர்வர் கொடுக்கும், வாங்குவது குறைவு. இதை ஒரே எண்ணில் சொல்ல ஒரு விகிதம் இருக்கிறது. ஆர்கஸ் என்ற ஃப்ளோ கருவியை உருவாக்கிய கார்ட்டர் புல்லார்டும் ஜான் கெர்த்தும் 2014இல் முன்வைத்தது. பிசிஆர் என்று சொல்வார்கள்:

```
பிசிஆர் = (வெளியே − உள்ளே) / (வெளியே + உள்ளே)
```

முழுக்க வாங்கும் கணினிக்கு −1, முழுக்கக் கொடுக்கும் கணினிக்கு +1. இதன் அழகு, ஒரு கணினி நாளைக்கு 50 எம்பி புழங்கினாலும் 50 ஜிபி புழங்கினாலும் ஒரே அளவுகோலில் வந்துவிடுகிறது. நேற்று வரை −0.7இல் இருந்த ஒன்று இன்று +0.9 என்றால், அளவு சின்னதாக இருந்தாலும் போய்க் கேட்க வேண்டிய விஷயம்.

நடைமுறையில் மூன்றைச் சேர்த்துப் பார்க்கிறேன். விகிதம் அந்தக் கணினியின் கடந்த நான்கு வாரப் போக்கிலிருந்து புரண்டிருக்க வேண்டும். போய்ச் சேரும் முகவரி நம் வலையமைப்பிலிருந்து யாரும் இதுவரை பேசாததாக இருக்க வேண்டும். வெளியே போனது 200 எம்பியாவது இருக்க வேண்டும். கடைசி நிபந்தனை வெறும் சில்லறையை வடிகட்டத்தான். உங்கள் இடத்துக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள். மூன்றும் சேர்ந்து வருவது அபூர்வம் என்பதால், வரும்போது மனிதர் உட்கார்ந்து பார்க்கலாம்.

பெரிய டவுன்லோட் ஒன்று நடந்தாலே வெளியே போகும் பைட்டும் ஏறுகிறதே. அது ஏன்?

டிசிபி ஒப்புகைகள், அதாவது துண்டு வந்து சேர்ந்தது என்று பெறும் கணினி திருப்பி அனுப்பும் சின்னப் பாக்கெட்டுகள். ஒருவர் 10 ஜிபி கோப்பை இறக்கினால், அது சுமார் 69 லட்சம் துண்டாக வரும். இரண்டு துண்டுக்கு ஒரு ஒப்புகை, ஒவ்வொன்றும் 52 பைட் என்று வைத்தால், ஏறத்தாழ 180 எம்பி வெளியே போகும். அளவை மட்டும் பார்த்தால் திருட்டு மாதிரியே இருக்கும்.

பைட்டைப் பாக்கெட் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். ஒப்புகை என்றால் ஒரு பாக்கெட்டுக்கு ஐம்பது சொச்சம் பைட்தான் வரும். உண்மையாகவே தரவு ஏற்றிக்கொண்டு போகிறது என்றால் 1,400க்கு மேல் வரும். `nfdump` வெளியீட்டில் `%bpp` என்று கேட்டால் இந்த எண் நேராகக் கிடைக்கும். வண்டி போனதா என்பதைவிட வண்டி பாரத்தோடு போனதா என்று இது சொல்லிவிடும்.

ஒரு நிஜ சம்பவத்தை முதலிலிருந்து சொல்ல முடியுமா?

சொல்கிறேன். எந்த நிறுவனம் என்பது வேண்டாம். இயந்திர உதிரிபாக வடிவமைப்பு செய்யும் இடம், நானூறு பேர், 500 எம்பிபிஎஸ் இணைப்பு. முகவரிகளையும் தேதிகளையும் மாற்றியிருக்கிறேன்.

திங்கட்கிழமை காலை வழக்கமான அறிக்கையில் 10.20.8.31 என்ற கணினி மேலே வந்து நின்றது. பார்த்தால் ஸ்டோர் ரூமில் பெட்டிகளுக்கு லேபிள் அடிக்கும் பழைய கணினி. யாரும் அதை ஒரு பொருட்டாகவே நினைத்ததில்லை. வழக்கமாக நாளைக்கு 60 எம்பி அனுப்பும், 400 எம்பி வாங்கும், பிசிஆர் −0.74. சனிக்கிழமை அது +0.97. முதலில் கேட்ட கேள்வி இது:

```
nfdump -R /flows/core \
 -t 2024/03/08.20:00:00-2024/03/11.08:00:00 \
 -A srcip,dstip,dstport -O bytes -n 20 \
 -o 'fmt:%sa %da %dp %pkt %byt %bpp' \
 'src net 10.20.0.0/16 and not dst net 10.0.0.0/8'
```

வெள்ளி இரவு எட்டு மணியிலிருந்து திங்கள் காலை எட்டு வரை, உள்ளிருந்து வெளியே, யார் யாருக்கு அதிகம் அனுப்பினார்கள் என்பதுதான் கேள்வி. விடையின் முதல் வரியில் அந்த லேபிள் கணினி, எதிரே 203.0.113.77 என்ற முகவரி. பாக்கெட்டுக்கு 1,490 பைட். பாரத்தோடு போயிருக்கிறது. போர்ட் 443. மொத்தம் 45.6 ஜிபி.

இந்த 45.6ஐ அப்படியே மேலாளரிடம் சொல்லிவிட்டோம். அது தவறு, எப்படித் தவறு என்பதைப் பிறகு சொல்கிறேன்.

அடுத்து நேரவாரியாகப் பிரித்தோம். சனி, ஞாயிறு, திங்கள் மூன்று நாளும் அதிகாலை 1 முதல் 5 வரை. நிமிடத்துக்கு நிமிடம் கூட்டிப் பார்த்தால் ஒரே அளவு, மேடு பள்ளமே இல்லை. மனிதர் உட்கார்ந்து அனுப்பினால் இப்படி வராது. ஒரு கோப்பு, ஒரு இடைவெளி, இன்னொரு கோப்பு என்று குதித்துக் குதித்து வரும். இது வேகக் கட்டுப்பாடு போட்ட கருவி. பகலில் ஓட்டினால் மாட்டிக்கொள்வோம், இரவிலும் இணைப்பை அடைத்தால் மாட்டிக்கொள்வோம் என்று யோசித்துச் செய்திருக்கிறார்கள்.

அப்புறம் திசையைத் திருப்பினோம். ஒரு லேபிள் கணினியிடம் இத்தனை ஜிபி இருக்க வாய்ப்பே இல்லை. யார் கொடுத்தது?

```
nfdump -R /flows/core \
 -t 2024/03/07.00:00:00-2024/03/09.01:00:00 \
 -A srcip,srcport,dstip -O bytes -n 10 \
 'src net 10.20.0.0/16 and dst ip 10.20.8.31'
```

ஃபைல் சர்வர் 10.20.5.14, கோப்புப் பகிர்வுக்கான போர்ட் 445. வெள்ளி இரவு 9:10 முதல் 10:50 வரை நடந்திருக்கிறது. இங்கேதான் சந்தேகம் வந்தது. பட்டியலில் 76 ஜிபி என்றிருந்தது. ஆனால் அந்த ஸ்டோர் ரூம் கேபிள் 100 எம்பிபிஎஸ் போர்ட்டில் இருக்கிறது. நூறு நிமிடத்தில் 76 ஜிபி என்றால் 101 எம்பிபிஎஸ் ஓடியிருக்க வேண்டும். அந்தக் கேபிளில் அது நடக்காது. போய்ப் பார்த்தால் கோர் சுவிட்சில் யாரோ உள்வரும் இடைமுகம், வெளியேறும் இடைமுகம் இரண்டிலும் மானிட்டரைப் போட்டு வைத்திருந்தார்கள். ஒவ்வொரு பாக்கெட்டும் இரண்டு முறை எண்ணப்பட்டிருந்தது. ஆக உள்ளே இழுத்தது 38 ஜிபி, வெளியே போனது 22.8 ஜிபி, இரவுக்கு 7.6 வீதம்.

கருவி தானே எண்ணி வைத்திருக்கும் பைட்டுகளை எஸ்என்எம்பி வழியாகக் கேட்டு வரைந்த இணைய இணைப்பின் வரைபடத்தோடு ஒப்பிட்டு உறுதி செய்தோம். 7.6 ஜிபியை நான்கு மணி நேரத்துக்கு வகுத்தால் 4.2 எம்பிபிஎஸ். வரைபடத்தில் அந்த மூன்று இரவும் வழக்கத்தைவிட நான்கு எம்பிபிஎஸ் கூடுதலாக ஒரு தட்டையான திட்டு. எட்டு அல்ல. மேலாளரிடம் போய்த் திருத்திச் சொல்ல வேண்டியிருந்தது, கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது. அன்றிலிருந்து எந்த எண்ணையும் எஸ்என்எம்பி எண்ணோடு பொருத்திப் பார்க்காமல் வெளியே சொல்வதில்லை.

கடைசிக் கேள்வி, லேபிள் கணினிக்குள் யார் நுழைந்தது? தொலைவிலிருந்து கணினியை இயக்கப் பயன்படும் போர்ட் 3389க்கு வந்ததைத் தேடினால் வியாழன் இரவு 10.20.200.46 என்ற முகவரி. அது விபிஎன் பயனர்களுக்கு ஒதுக்கிய வரம்பு. ஃப்ளோ இங்கே நின்றுவிடும்; அந்த நேரத்தில் அந்த முகவரி யாருக்குக் கொடுக்கப்பட்டது என்பது விபிஎன் லாகில்தான் இருக்கிறது. பார்த்தால் ஒரு ஊழியரின் கணக்கு. கடவுச்சொல் திருடுபோயிருந்தது, இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு இல்லை. அவர் அன்று இரவு வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தார்.

பிறகு டிஸ்கை எடுத்துப் பார்த்ததில் கோப்புகளை வெளிச் சேமிப்பகத்துக்கு அனுப்பும் `rclone` என்ற கருவி கிடைத்தது, `--bwlimit 500k` என்ற அமைப்போடு. நொடிக்கு 500 கிபைட் என்றால் நிமிடத்துக்கு 30.7 எம்பி, தலைப்புப் பைட்டுகளைச் சேர்த்தால் ஏறத்தாழ 31.8. எங்கள் ஃப்ளோவில் நிமிடத்துக்கு நிமிடம் வந்ததும் அதே எண்.

கூகுள் டிரைவ், ஒன்டிரைவ் மாதிரி இடத்துக்கு அனுப்பினால் முகவரியை வைத்து எப்படிக் கண்டுபிடிப்பது?

முகவரியை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. அலுவலகமே கூகுளில் ஓடும்போது அந்த ஐபி புதியதாக இருக்காது, நான் மேலே சொன்ன மூன்று நிபந்தனையில் ஒன்று செத்துவிடும். திருடரின் கணக்கும் நிறுவனக் கணக்கும் ஒரே சர்வருக்குப் போகின்றன.

ஆனால் விகிதம் சாகாது. டிரைவில் வேலை செய்யும் ஊழியர் வாங்கவும் கொடுக்கவும் செய்வார். 38 ஜிபி உள் சர்வரிலிருந்து இழுத்து, சில மணி நேரத்தில் அதற்குக் கிட்டத்தட்ட ஒத்த அளவை மேகத்துக்கு ஏற்றும் கணினி அபூர்வம். எனவே இந்த மாதிரி இடத்தில் வெளிமுகவரியை விட்டுவிட்டு உள்பக்கத்தைப் பிடியுங்கள்: இந்த வாரம் எந்தக் கணினி தன் வழக்கத்துக்கு மீறி ஃபைல் சர்வரிலிருந்து இழுத்தது, அதே கணினி அதன்பின் ஏற்றியதா. டிஎன்எஸ் வினவல் லாகையும் சேர்த்து வைத்தால் எந்தப் பெயரைக் கேட்டுவிட்டு அந்த முகவரிக்குப் போனது என்பதும் பெரும்பாலும் தெரிந்துவிடும்.

ஒரு சின்ன எச்சரிக்கை. வடிகட்டியில் பழக்கதோஷத்தில் `proto tcp` என்று எழுதிவிடாதீர்கள். இன்றைய உலாவிகள் கூகுளோடு பேசுவதில் பெரும்பங்கு குவிக் நெறிமுறையில், அதாவது யுடிபி 443இல் போகிறது.

கொஞ்சம் கொஞ்சமாக, மாதக்கணக்கில் எடுத்தால்?

அதுதான் கடினம். ஈக்விஃபாக்ஸில் அப்படித்தான் நடந்தது. 2017 மே நடுவிலிருந்து ஜூலை இறுதி வரை, சுமார் 9,000 வினவல்கள், எடுத்ததைச் சின்னச் சின்னத் துண்டாக, சாதாரண குறியாக்க வலைப் போக்குவரத்து போலவே வெளியே அனுப்பினார்கள். குறியாக்கத்தை அவிழ்த்து உள்ளே பார்க்கும் கருவி இருந்தது. அதன் சான்றிதழ் காலாவதியாகிக் கிடந்ததால் அது பார்க்கவில்லை. சான்றிதழைப் புதுப்பித்ததும் சந்தேகமான போக்குவரத்து கண்ணில் பட்டது. ஃப்ளோவுக்குச் சான்றிதழ் தேவையில்லை என்று பெருமைப்படலாம். ஆனால் நேர்மையாகச் சொன்னால் பிசிஆர் அங்கே உதவியிருக்காது. திருடர்கள் இருந்தது பொதுமக்கள் பயன்படுத்தும் வலைதளச் சர்வர். அது எப்போதுமே கொடுக்கும் குணம் உள்ளது. பிளஸ் இன்னும் கொஞ்சம் பிளஸ் ஆனால் யாருக்கும் தெரியாது.

தெரிந்திருக்கக்கூடிய இடம் உள்பக்கம். அந்தத் தளத்துக்குச் சம்பந்தமே இல்லாத வேறு பல தரவுத்தளங்களோடு அது பேச ஆரம்பித்தது. ஒரு வெப் சர்வர் தினமும் பேசும் உள்முகவரிகளின் பட்டியல் சின்னது, மாதக்கணக்கில் மாறாதது. அதில் ஒரே வாரத்தில் புதிய முகவரிகள் சேர்ந்தால் பைட் எவ்வளவு என்றுகூடப் பார்க்க வேண்டியதில்லை.

ஊழியர் கணினியிலிருந்து மெதுவாகக் கசிவதற்கு நீண்ட ஜன்னல்தான் வழி. நாளைக்கு 20 எம்பி யார் கண்ணிலும் படாது. 90 நாளைக்குக் கூட்டினால் 1.8 ஜிபி. மாதம் ஒருமுறை, கணினி–வெளிமுகவரி ஜோடியாகக் கூட்டி, எத்தனை நாள் பேசியது என்பதையும் எண்ணுங்கள். ஞாயிற்றுக்கிழமையும் பொங்கல் விடுமுறையும் உட்பட முப்பது நாளும் ஒரே அளவு அனுப்பிய கணினி என்றால், ஆள் இல்லாமல் ஏதோ ஒன்று அனுப்புகிறது. பாதி நேரம் அது ஏதாவது அப்டேட் மென்பொருளாக இருக்கும். மீதியைப் பார்க்க வேண்டும்.

டிஎன்எஸ் வழியாகக் கசிந்தால் இன்னொரு சிக்கல். கணினி நம்முடைய சொந்த டிஎன்எஸ் சர்வரிடம்தான் கேட்கும், அந்தச் சர்வர் வெளியே கேட்கும். ஃப்ளோவில் வெளிமுகவரி எல்லாக் கணினிக்கும் ஒன்றாகக் கலந்துவிடும். பக்கத்து மேசைக் கணினிகளைவிடப் பல மடங்கு பைட்டை ஒரு கணினி போர்ட் 53க்கு அனுப்புகிறது என்பது மட்டும் தெரியும். அதற்குமேல் வினவல் லாக்தான்.

என்ன கோப்பு போனது என்று ஃப்ளோவை வைத்துச் சொல்ல முடியுமா?

முடியாது. எங்கள் சம்பவத்தில் வழக்கறிஞர் இதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டார். எங்களால் சொல்ல முடிந்தது இரண்டு எண்கள்: சர்வரிலிருந்து 38 ஜிபி படிக்கப்பட்டது, வெளியே 22.8 ஜிபி போனது. அதில் தலைப்புப் பைட்டுகளைக் கழித்தால் சுமார் 22 ஜிபி உள்ளடக்கம். வடிவமைப்புக் கோப்புகள் நன்றாகச் சுருங்கும் என்பதால் 38 முழுவதும் 22ஆகச் சுருங்கிப் போயிருக்கலாம். தேர்ந்தெடுத்துச் சிலதை மட்டும் அனுப்பியிருக்கவும் கூடும். ஃப்ளோ இந்த இரண்டையும் பிரித்துச் சொல்லாது. கோப்புப் பெயர்கள் ஃபைல் சர்வரின் தணிக்கை லாகிலிருந்து வந்தன. அந்த லாக் எல்லாவற்றையும் தேடாமல், வெள்ளி இரவு 9:10 முதல் 10:50 வரை, ஒரே கணினி என்று குறுக்கிக் கொடுத்ததுதான் ஃப்ளோவின் பங்கு.

பென் டிரைவில் எடுத்துக்கொண்டு போனால் வெளியே எதுவும் பதிவாகாது, இழுத்தது மட்டும் தெரியும்.

அப்படியானால் கேப்சரே வேண்டாமா?

வேண்டும், கொஞ்சமாக. ஃப்ளோ ஒரு கணினியைச் சுட்டிக்காட்டிய பிறகு அதற்கு மட்டும் போடுங்கள்:

```
tcpdump -i eth1 -w /cap/h31.pcap -C 500 -W 20 host 10.20.8.31
```

500 எம்பி வீதம் இருபது கோப்பு, நிறைந்தால் பழையதன் மேல் எழுதும். 10 ஜிபிக்கு மேல் இடம் பிடிக்காது. நடந்து முடிந்ததை இது திரும்பக் கொண்டுவராது. ஆனால் திருடர் மறுநாள் இரவும் வருவார் என்றால் டிஎல்எஸ் கைகுலுக்கலில் சர்வர் பெயரையாவது பிடிக்கலாம். எங்கள் சம்பவத்தில் சனிக்கிழமை காலையே யாராவது அறிக்கையைத் திறந்திருந்தால் இன்னும் இரண்டு இரவு கையில் இருந்தது.

பதிவை எத்தனை நாள் வைத்திருப்பது?

இந்தியாவில் இருந்தால் அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான சர்ட்-இன் 2022 ஏப்ரலில் போட்ட உத்தரவைப் பாருங்கள். கணினி அமைப்புகளின் லாகுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும், சம்பவம் தெரிந்த 6 மணி நேரத்துக்குள் அறிவிக்க வேண்டும், கடிகாரங்களை என்டிபியில் ஒத்திசைக்க வேண்டும் என்கிறது. ஃப்ளோவையும் அதே 180 நாளுக்கு வைப்பது வசதி, விபிஎன் லாகும் ஃப்ளோவும் ஒரே காலத்துக்கு இருக்கும். கடிகார விஷயத்தை அலட்சியப்படுத்தாதீர்கள். விபிஎன் முகவரிகள் ஒருவர் விட்டதும் அடுத்தவருக்குப் போகின்றன. சுவிட்சின் கடிகாரம் பத்து நிமிடம் பிந்தியிருந்தால், அந்த முகவரியை அப்போது வைத்திருந்த வேறொரு ஊழியரின் பெயர் உங்கள் அறிக்கையில் வந்துவிடும்.